கிளிக் 1 ரூபாய் 20 காசுக்கு வந்தும் அறை ஏன் நிரம்பவில்லை?

அஸ்தம்பட்டி தம்பி · மே 6, இரவு 8.50

ஏற்காட்டில் நான்கு அறை உள்ள ஒரு ஹோம்ஸ்டேக்கு ஏப்ரல் முதல் பாதியில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் ஓட்டினேன். செலவு 12,000 ரூபாய். வந்தது 10,000 கிளிக். ஒரு கிளிக் 1 ரூபாய் 20 காசு. எங்கள் அலுவலகத்தில் யாருமே இவ்வளவு குறைவாகக் கொண்டுவந்ததில்லை.

ஏப்ரல் இரண்டாம் பாதியில் அதே 12,000 ரூபாயை எங்கள் சீனியர் அக்கா ஓட்டினார். ஒரு கிளிக் 15 ரூபாய், மொத்தமே 800 கிளிக். ஆனால் ஹோம்ஸ்டே வீட்டுக்காரர் அக்காவின் விளம்பரத்தைத் தொடரச் சொல்லி, என்னுடையதை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு மடங்குக்கு மேல் மலிவாக ஆள் கொண்டுவந்தது நான். கிளிக் விலை குறைவது நல்லது என்றுதானே எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள்? எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

அழகாபுரம் அக்கா · மே 6, இரவு 11.40

தம்பி, அந்தச் சீனியர் நான்தான். மதியம் நீ கேட்டபோது வேறு வேலையாக எழுந்து போய்விட்டேன். கடிதம் மாதிரி உட்கார்ந்து எழுதினால்தான் இதை ஒழுங்காகச் சொல்ல முடியும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன், எண்களைப் போடலாம், இடத்தின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

நீ ஒன்றும் தப்பாக ஓட்டவில்லை. ஃபேஸ்புக்கின் விளம்பர இயந்திரத்திடம் ஒன்றைக் கேட்டாய், அது கேட்டதைக் கொடுத்தது. கேம்பெயின் தொடங்கும்போது நோக்கம் `Traffic` என்று வைத்தாய், இலக்கு `Link clicks`. அப்படி வைத்தால், கொடுத்த பணத்துக்கு எத்தனை கிளிக் வாங்க முடியுமோ அத்தனையும் வாங்கித் தரப் பார்க்கும். எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கும் பழக்கம் யாருக்கு, எந்த இடத்தில் கிளிக் மலிவு, இந்த இரண்டையும்தான் அது தேடும். அந்த ஆள் லீவு போட்டுப் பையைக் கட்டிக்கொண்டு மலையேறி வருவாரா என்று நீ கேட்கவில்லை. அதனால் அதுவும் தேடவில்லை.

இன்று மாலை உன் கணக்கைத் திறந்து, கிளிக்குகள் எங்கே விழுந்தன என்று இடவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். `Breakdown` என்ற பொத்தானில் `Placement` என்று இருக்கும், நாளை நீயும் பார். 10,000 கிளிக்கில் 6,100 வந்தது `Audience Network` என்ற இடத்திலிருந்து. அது ஃபேஸ்புக்கும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. வேறு ஆட்கள் நடத்தும் விளையாட்டு ஆப், டார்ச் லைட் ஆப் போன்றவற்றுக்குள் நம் விளம்பரம் போய் உட்காரும் இடம்.

போன வாரம் என் தங்கை வீட்டில் ஒன்றைக் கவனித்தேன். அவள் பையனுக்கு ஆறு வயது. அம்மா போனில் பழம் வெட்டும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு விளம்பரம் திரை முழுக்க வந்தது. மூடுகிற பெருக்கல் குறி வலது மேல் மூலையில், அவன் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருந்தது. மூன்று முறை தொட்டான். மூன்றாவது முறை குறி தவறி, ஏதோ ஒரு வீட்டுமனை விற்கிற பக்கம் திறந்தது. அது முழுக்கத் திறப்பதற்குள் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி பழம் வெட்டப் போய்விட்டான். அந்த மனைக்காரருக்கு அது ஒரு கிளிக். அவருக்கும் ஒரு ரூபாய்க்குள்தான் ஆகியிருக்கும்.

அந்த 6,100 கிளிக்கில் நம் ஹோம்ஸ்டேயின் இணையப் பக்கம் முழுதாகத் திறந்தது எத்தனை தெரியுமா? 700. மற்ற இடங்களிலிருந்து வந்த 3,900 கிளிக்கில் 2,900 முறை திறந்திருக்கிறது. ஆக நீ 10,000 பேரைக் கொண்டுவரவில்லை. 3,600 முறை பக்கம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். மீதியை நாளை எழுதுகிறேன்.

கோவை தேடல்காரர் · மே 7, காலை 9.10

அக்கா சொல்வதில் பாதிதான் சரி. கிளிக் விலை குறைவது நல்ல விளம்பரத்துக்கு அடையாளம். நான் ஏழு வருடமாக கூகுள் தேடல் விளம்பரம் மட்டும்தான் ஓட்டுகிறேன். அங்கே தரத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. விளம்பரமும் பக்கமும் தேடுகிறவருக்குப் பொருத்தமாக இருந்தால் மதிப்பெண் ஏறும், அதே இடத்துக்குக் குறைந்த விலை கொடுத்தால் போதும். மலிவான கிளிக்கைத் திட்டுவது, மார்க் அதிகம் வாங்கிய பையனைத் திட்டுவது மாதிரி. அப்புறம், கிளிக்குக்கும் பக்கம் திறப்பதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்றால் உங்கள் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று அர்த்தம். படங்களைச் சுருக்குங்கள்.

அழகாபுரம் அக்கா · மே 7, காலை 10.05

நீங்கள் சொல்வது ஒரு எல்லைக்குள் சரி. ஒரே தேடல் சொல், ஒரே ஊர், ஒரே பக்கம். அதற்குள் இரண்டு விளம்பரங்களை ஒப்பிட்டு, ஒன்று 18 ரூபாய், மற்றது 13 ரூபாய் என்றால் 13 ரூபாய்க்காரரை நானும் பாராட்டுவேன். அங்கே ஆள் மாறவில்லை, விலை மட்டும்தான் மாறியிருக்கிறது. தம்பியின் விஷயத்தில் ஆளே மாறிவிட்டார்.

உங்கள் தேடல் விளம்பரத்திலும் இது நடக்கும். "ஏற்காடு பஸ் நேரம்", "ஏற்காட்டில் இன்று மழையா" என்று தேடுகிறவரின் கிளிக் மலிவு. "சமையலறையோடு ஏற்காடு காட்டேஜ்" என்று தேடுகிறவருக்கு ஐந்தாறு பேர் போட்டி போடுவார்கள், விலை ஏறும். தரமதிப்பெண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

பக்கத்தின் வேகம் பற்றி: படங்கள் கனம்தான், சுருக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் 800 கிளிக்கும் அதே பக்கத்துக்குத்தான் வந்தது, 690 முறை திறந்தது. பக்கம் மட்டும்தான் காரணம் என்றால் என்னுடையதிலும் அதே அளவு கொட்டிப் போயிருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்கடை · மே 7, மதியம் 1.30

எனக்கும் இதே பிரச்சினைதான். வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். ரீல்ஸ் போட்டால் லைக் அள்ளுகிறது, வாட்ஸாப்பில் நாளைக்கு நாற்பது பேர். எல்லாரும் "ஒரு ஜோடி எவ்வளவு அண்ணா, கொரியர் உண்டா" என்கிறார்கள். நான் கிலோ கணக்கில் கடைக்காரர்களுக்குக் கொடுப்பவன். பதில் சொல்லவே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன். ரீல்ஸை நிறுத்திவிடலாமா? யாராவது சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி தம்பி · மே 7, மதியம் 2.15

அக்கா, அந்த 6,100-ஐ ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கழித்தாலும் 2,900 பேர் முழுதாகப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு 690. வாட்ஸாப் விசாரிப்பும் எனக்கு 52, உங்களுக்கு 46. ஒரு விசாரிப்புக்கு எனக்கு 231 ரூபாய், உங்களுக்கு 261. குழந்தைகள் தவறுதலாகத் தொட்டதையெல்லாம் சேர்த்துமே நான்தான் மலிவு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அழகாபுரம் அக்கா · மே 7, இரவு 10.20

நல்ல கேள்வி. இதைக் கேட்பாய் என்றுதான் அந்த 52 பேரின் உரையாடலையும் இன்று ஒவ்வொன்றாகப் படித்தேன். வீட்டுக்காரர் போனை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தேன்.

52-இல் 37 பேர் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துக்காரர்கள். நீயும் நானும் சேலத்துக்காரர்கள்தானே, ஏற்காடு நமக்கு என்ன? காலையில் வண்டியை எடுத்து, அடிவாரத்தில் டீ குடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் நின்று ஊரைப் பார்ப்பது, சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி, ராத்திரி வீட்டில் வந்து படுப்பது. முப்பது கிலோமீட்டரில் வீடு இருப்பவர் எதற்கு அங்கே அறை எடுப்பார்? ஆனால் ஏற்காடு மூடுபனிப் படத்தைக் கண்டால் முதலில் தொடுகிறவரும் நாம்தான். நம்ம ஊரு மலை, பாசம். அதனால் சேலத்தில் கிளிக் மலிவு. மெஷின் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து உன் பணத்தை இங்கேயே இறைத்துவிட்டது. நீ தமிழ்நாடு முழுக்க என்று வைத்திருந்தாய், அது சேலத்தைச் சுற்றியே நின்றுவிட்டது.

அவர்கள் கேட்டதையும் பார். "ஒரு நாள் வந்துட்டு போக எவ்வளவு", "பர்த்டே போட்டோ எடுக்க விடுவீங்களா", "சாப்பாடு மட்டும் கிடைக்குமா". 52 பேரில் தேதி சொல்லி அறை இருக்கிறதா என்று கேட்டவர்கள் 6 பேர்தான். என் 46-இல் தேதி சொன்னவர்கள் 29 பேர்.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. பெங்களூர், சென்னை, கோவை மூன்று ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொன்னேன். `Audience Network`-ஐ எடுத்துவிட்டேன். இலக்கை வெறும் கிளிக்கிலிருந்து, பக்கத்தில் உள்ள வாட்ஸாப் பொத்தானைத் தொட்டு உரையாட வருவதற்கு மாற்றினேன். பெங்களூர்க்காரருக்கு ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் விளம்பரம் காட்டப் போட்டி போடுகிறார்கள், அதனால் அந்தக் கிளிக்குக்கு விலை அதிகம். ஆனால் ஓசூர், தருமபுரி, தொப்பூர் தாண்டி வருகிறவர் அன்று ராத்திரியே திரும்பிப் போக மாட்டார். இரண்டு இரவு தங்குவார்.

இப்போது கணக்கு. இரண்டு இரவுக்கு 7,000 ரூபாய், செலவு போக வீட்டுக்காரர் கையில் நிற்பது 3,000. உன் 10,000 கிளிக்கில் 2 புக்கிங். ஒரு புக்கிங்குக்கு விளம்பரச் செலவு 6,000. ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் வீட்டுக்காரருக்கு 3,000 நஷ்டம். என் 800 கிளிக்கில் 9 புக்கிங், ஒன்றுக்கு 1,333. விருந்தாளி ஒவ்வொருவருக்கும் 1,667 மிச்சம்.

இதைத் திருப்பிப் போட்டால் உன் கேள்விக்கு நேர் பதில் கிடைக்கும். ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? புக்கிங் எண்ணிக்கையைக் கிளிக் எண்ணிக்கையால் வகுத்து, மிச்சத் தொகையால் பெருக்கு.

```
உன்னுடையது:   2 / 10000 × 3000 = 0.60
என்னுடையது:   9 / 800   × 3000 = 33.75
```

உன் கிளிக் 60 காசு பெறும், 1 ரூபாய் 20 காசு கொடுத்தாய். இரண்டு மடங்கு விலை. என் கிளிக் 33 ரூபாய்க்கு மேல் பெறும், 15 கொடுத்தேன். பாதிக்கும் குறைவு. நம் இருவரில் விலை அதிகம் கொடுத்தது நீதான், தம்பி.

ஓமலூர் கணக்கு · மே 8, காலை 7.30

மேடம், இரண்டு சந்தேகம். ஒன்று, தம்பி ஓட்டியது ஏப்ரல் முதல் பாதி. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். நீங்கள் ஓட்டியது பரீட்சை முடிந்து லீவு விடுகிற நேரம். அந்தப் பதினைந்து நாளில் யார் விளம்பரம் போட்டாலும் அறை போகும். இரண்டு, 2-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசத்தில் தற்செயலும் கொஞ்சம் இருக்கலாம். இவ்வளவு சின்ன எண்ணை வைத்துப் பைசா சுத்தமாகக் கணக்கு போட்டிருக்கிறீர்கள்.

அழகாபுரம் அக்கா · மே 8, காலை 8.15

முதல் சந்தேகம் முழுக்க நியாயம். அதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் பேசி, இரண்டையும் ஒரே நாள்களில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். மே மாதம் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் எதுவும் தெரியாது. ஜூனில் ஓட்டலாம்.

அழகாபுரம் அக்கா · மே 10, மாலை 6.00

திருத்தம். இன்று ஏற்காட்டுக்கே போய், அங்கே வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் வைத்திருக்கும் நோட்டைப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு, அட்டையில் சாமி படம். தேதி, பெயர், எத்தனை பேர், வண்டி எண், அட்வான்ஸ். வாட்ஸாப்பில் நான் பார்த்ததும் நோட்டில் இருந்ததும் ஒன்றாக இல்லை.

என் 9 புக்கிங்கில் இரண்டு, போன வருடமும் வந்த பெங்களூர்க் குடும்பங்கள். விளம்பரத்தைத் தொட்டுத்தான் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் அண்ணனின் நம்பர் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். அவற்றை என் கணக்கில் வைப்பது சரியில்லை. ஆக 7.

தம்பிக்கு ஒன்று கூடுகிறது. எடப்பாடியிலிருந்து ஒருவர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸாப் அனுப்பாமல் நேரே போன் செய்து வந்திருக்கிறார். "ஃபேஸ்புக்குல பார்த்தேன்னு சொன்னாருங்க" என்று அண்ணன் ஞாபகமாகச் சொன்னார். ஆக 3.

இன்னொன்று என்னை உறுத்தியது. தம்பியின் மூன்று புக்கிங்குமே ஒரே இரவு. நான் எல்லாருக்கும் 3,000 மிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு இரவுக்கு வாடகை 3,500, செலவு போக நிற்பது 1,400. விரிப்பு துவைக்கிற செலவும், அறை சுத்தம் செய்கிற கூலியும் ஒரு இரவு என்றாலும் இரண்டு இரவு என்றாலும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. என் 7 பேரும் இரண்டு இரவு தங்கியவர்கள், நோட்டில் சரிபார்த்துவிட்டேன்.

```
தம்பி:   3 / 10000 × 1400 = 0.42
நான்:    7 / 800   × 3000 = 26.25
```

தம்பிக்கு ஒரு புக்கிங் கூடியும் கிளிக்கின் மதிப்பு 60 காசிலிருந்து 42 காசாக இறங்கிவிட்டது. என்னுடையது 33-இலிருந்து 26-க்கு வந்துவிட்டது. ஓமலூர்க்காரர் சொன்ன மாதிரி பைசா சுத்தம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 42 காசுச் சரக்குக்கு 1 ரூபாய் 20 காசு என்பதும், 26 ரூபாய்ச் சரக்குக்கு 15 ரூபாய் என்பதும் அவ்வளவு எளிதில் தலைகீழாக மாறாது.

கோவை தேடல்காரர் · மே 10, இரவு 9.45

சரி, புக்கிங் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அந்த 10,000 பேர் பெயரைப் பார்த்திருக்கிறார்களே? பக்கத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் மறுபடி விளம்பரம் காட்டலாம். மலிவாக ஆள் சேர்த்து, பிறகு அவர்களுக்கே விற்பது பழைய வழிதான்.

அழகாபுரம் அக்கா · மே 11, காலை 6.50

வழி சரி. ஆனால் வலையில் யார் விழுந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலில் பழம் வெட்டுகிற பிள்ளைகளும் சேலத்துக்காரர்களும்தான் அதிகம். அவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டினால், முதலில் மலிவாக வீணாக்கிய பணத்தை இரண்டாம் முறை கொஞ்சம் விலை கொடுத்து வீணாக்குவோம். பக்கத்தில் அரை நிமிடமாவது நின்று, வாடகைப் பகுதி வரை கீழே இறங்கிப் பார்த்தவர்களை மட்டும் பிரித்து எடுத்தால் பயன்படலாம். தம்பியின் 3,600-இல் அப்படி எத்தனை பேர் என்று பார்க்க நாம் அப்போது எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. அது என் பொறுப்பு, நான்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பெயர் பரவுவதற்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கலாம். சேலத்துக்காரர் தன் பெங்களூர் மச்சானிடம் சொல்லலாம். அதை எப்படி அளப்பது என்று எனக்கு வழி இல்லை. நான்கு அறை வைத்திருப்பவர் மாதம் 12,000 ரூபாயை அந்த நம்பிக்கையில் போடட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்கடை · மே 11, காலை 11.00

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

அழகாபுரம் அக்கா · மே 11, மதியம் 12.40

மன்னியுங்கள் அண்ணா, தவறவிட்டுவிட்டேன். உங்களுடையதும் இதே நோய்தான், வேறு உடம்பில். ரீல்ஸை நிறுத்த வேண்டாம், அதில் என்ன காட்டுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். காலில் மாட்டிய கொலுசைக் காட்டினால் காலுக்குப் போடுகிறவர்தான் வருவார். தட்டில் கிலோ கணக்கில் குவித்து, எடை போட்டு, டச் எவ்வளவு, கூலி எவ்வளவு, குறைந்தது எவ்வளவு எடை எடுக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். நாற்பது பேர் நான்கு பேராகக் குறைவார்கள். கிளிக் விலை கண்டிப்பாக ஏறும், பயப்படாதீர்கள். பதில் சொல்கிற பெண்ணின் சம்பளத்தையும் விளம்பரச் செலவோடு சேர்த்துப் பாருங்கள். மலிவான விசாரிப்பு உங்களுக்கு அங்கேதான் கடிக்கிறது.

அஸ்தம்பட்டி தம்பி · மே 14, இரவு 9.30

அக்கா, இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் நேரே புக்கிங்கையே இலக்காக வைத்தால் என்ன? கிளிக்கும் வேண்டாம், விசாரிப்பும் வேண்டாம். "புக் செய்கிற ஆளைக் கொண்டுவா" என்று கேட்டுவிட்டால் போச்சே.

அழகாபுரம் அக்கா · மே 15, காலை 7.10

கேட்கலாம், ஆனால் அதற்குச் சாப்பாடு போதாது. யார் புக் செய்கிறார் என்று மெஷின் கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 முறை அது நடக்க வேண்டும். நம்மிடம் பதினைந்து நாளில் 7. நான்கு அறையை வைத்துக்கொண்டு வாரம் 50 புக்கிங்குக்கு எங்கே போவது? கற்றுக்கொள்ளாத மெஷின் தடுமாறும், விலை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். அதனால் புக்கிங்குக்கு ஒரு படி கீழே, ஆனால் கிளிக்குக்கு மேலே உள்ள ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் வாட்ஸாப் உரையாடல். அதுவும் வாரம் 23தான் வந்தது, 50 இல்லை. இருப்பதில் இதுதான் பரவாயில்லை.

விசாரிப்பும் ஏமாற்றும் என்று உன் 52-இலேயே பார்த்தோம். அதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறேன். விளம்பரத்தின் முதல் வரியிலேயே "இரண்டு இரவுக்கு 7,000 ரூபாய், காலை உணவு உண்டு" என்று விலையைப் போட்டுவிடுவது. சும்மா கேட்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அடுத்தது, எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று அண்ணனின் நோட்டு வரை தெரிய வேண்டும். பக்கத்தில் உள்ள வாட்ஸாப் பொத்தானுக்கு ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வேறு வேறு குறி வைக்கலாம். என் விளம்பரத்துக்கு BLR1, உன்னுடையதற்கு SLM1.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Room%20enquiry%20BLR1
https://wa.me/91XXXXXXXXXX?text=Room%20enquiry%20SLM1
```

தொட்டதும் செய்திப் பெட்டியில் அந்த வரி தானாக வந்து நிற்கும், அவர் அனுப்பினால் போதும். சிலர் அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள், பரவாயில்லை. அண்ணனிடம் நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன், BLR1 அல்லது SLM1 என்று எழுதச் சொல்லி. போனில் வருகிறவரிடம் "எங்கே பார்த்தீங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.

அழகாபுரம் அக்கா · ஜூன் 24, இரவு 8.30

ஓமலூர்க்காரர் கேட்டபடி ஓட்டியாயிற்று. ஜூன் 10 முதல் 19 வரை, இரண்டுக்கும் தலா 4,000 ரூபாய், ஒரே படம், ஒரே பக்கம். தம்பியின் அமைப்பில் ஒரு கிளிக் 1 ரூபாய் 38 காசு, சுமார் 2,900 கிளிக். புக்கிங் இல்லை. என்னுடையதில் ஒரு கிளிக் 20 ரூபாய், 200 கிளிக். இரண்டு புக்கிங், இரண்டும் ஜூலை சனி ஞாயிறுக்கு. ஒன்றுக்கு 2,000 ரூபாய் ஆகிறது. 3,000-இல் 1,000 நிற்கிறது.

ஏப்ரலைவிட என் கிளிக்கின் மதிப்பு கூடியிருக்கிறது என்று இதிலிருந்து சொல்ல மாட்டேன். இரண்டு என்பது மிகச் சின்ன எண். ஒன்று ரத்தானால் கணக்கே கவிழ்ந்துவிடும், 1,000 நஷ்டம்.

ஓமலூர் கணக்கு · ஜூன் 24, இரவு 10.10

நன்றி மேடம். பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவே நான் எந்தத் தீர்ப்பும் எழுத மாட்டேன். ஆனால் ஏப்ரலும் ஜூனும் ஒரே பக்கம் சாய்கின்றன, அதை ஒத்துக்கொள்கிறேன். லீவு எவ்வளவு கை கொடுத்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

நாகலூர் தோட்டம் · ஜூன் 25, காலை 6.20

இப்போதுதான் முழுக்கப் படித்தேன். எனக்கும் ஏற்காட்டில் காப்பித் தோட்டம், நடுவே இரண்டு அறை. சேலத்துக்காரர்கள் வேண்டாத ஆள் மாதிரி எல்லாரும் எழுதுகிறீர்கள். என்னிடம் அவர்கள்தான் வருமானம். ஞாயிறு மதியம் நாட்டுக்கோழிக் குழம்பும் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதும், தலைக்கு 450 ரூபாய். முப்பது பேர் வந்தால் அறை வாடகையைத் தாண்டிவிடும். தம்பியிடம் "சாப்பாடு மட்டும் கிடைக்குமா" என்று கேட்டவர்களை ஏன் விட்டீர்கள்?

அஸ்தம்பட்டி தம்பி · ஜூன் 25, காலை 9.00

அய்யா, நீங்கள் சொன்னதும் அந்த 52 பேரையும் மறுபடி எண்ணினேன். சாப்பாடு கேட்டவர்கள் 14 பேர். ஒவ்வொருவரும் நான்கைந்து பேராகத்தான் வந்திருப்பார்கள். அக்கா, இதை வீட்டுக்காரரிடம் சொல்லட்டுமா? SLM1 மறுபடி ஓட்டலாம் இல்லையா?

அழகாபுரம் அக்கா · ஜூன் 25, மதியம் 1.15

அய்யா சொன்னதை நான் பார்க்கவே இல்லை. சேலத்துக்காரருக்கு அறையை விற்கப் பார்த்தோம், அவர் கேட்டது சாப்பாடு. சரக்கு மாறினால் கிளிக்கின் மதிப்பும் மாறும்.

ஆனால் தம்பி, உடனே ஓட்டாதே. முதலில் வீட்டுக்காரரிடம் கேள், அந்தச் சமையலறையில் ஞாயிறு மதியம் எத்தனை பேருக்குச் சமைக்க முடியும், 450-இல் கோழி, மசாலா, ஆள்கூலி போக எவ்வளவு நிற்கும் என்று. தலைக்கு 120 நிற்கும் என்றால், ஐந்து பேர் வருகிற ஒரு குடும்பத்துக்கு 600. அந்த 600-ஐ வைத்துத்தான் சேலம் கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்க்க முடியும். `Audience Network`-ஐ எடுத்துவிட்டே ஓட்டு. பழைய SLM1 குறி வேண்டாம், சாப்பாட்டுக்கு SLM2 என்று தனியாக வை. அண்ணனிடமும் சொல்லிவிடு, நோட்டில் அறைப் பக்கத்தில் இதைக் கலக்காமல் பின்பக்கத்திலிருந்து எழுதச் சொல்.